பதின்மூன்றாம் சேனல்

வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் வைஃபை அமைத்துக் கொடுப்பதையும், பழுதானபோது சென்று பார்ப்பதையும் ஜீவனோபாயமாகக் கொண்டவன் நான். என்னிடம் வரும் முறையீடுகளில் பெரும்பாலானவை வேகம் போதவில்லை என்பதும், பின்கட்டு அறைக்குச் சிக்னல் எட்டவில்லை என்பதுமாகவே இருக்கும். அவற்றுக்குக் காரணம் சுவராக இருக்கும், அல்லது சந்தாவாக இருக்கும், இரண்டையும் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அபூர்வமாக வேறொரு விதமான முறையீடு வருவதுண்டு. ஒரே கூடத்தில், ஒரே மேஜையின் மேல், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சாதனங்களில் ஒன்றுக்கு வீட்டு வைஃபையின் பெயர் முழுப் பலத்தோடு தெரிகிறது. மற்றொன்றுக்கு அப்படி ஒரு பெயர் உலகத்திலேயே இருப்பதாகத் தெரியவில்லை. பாஸ்வேர்டு தவறு என்ற செய்தி இல்லை, இணைப்பு அறுந்தது என்ற புகார் இல்லை. பட்டியலில் பெயரே இல்லை, அவ்வளவுதான். இத்தகைய நிலையில் மனிதர்கள் ஸ்வாபாவிகமாகச் சந்தேகிப்பது பெயர் தெரியாத அந்தச் சாதனத்தைத்தான். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் அந்தச் சாதனம் ஒரு பாவமும் அறியாதது என்பதே என் அனுபவம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் நேர்ந்ததை விவரமாகச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன், விடுமுறைக்கு வந்தபோது, அங்கே வாங்கித் தாம் சில காலம் உபயோகித்த லேப்டாப் ஒன்றையும், புத்தகம் படிக்கும் கையடக்கக் கருவி ஒன்றையும் தகப்பனாருக்கு விட்டுச் சென்றிருந்தார். மகன் இருந்தவரை இரண்டும் வீட்டு வைஃபையில் நன்றாகவே வேலை செய்தன. அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் இரவு மின்சாரம் போய் வந்தது. காலையில் பார்த்தால் இரண்டு கருவிகளிலும் வீட்டு வைஃபையின் பெயர் இல்லை. திருச்சியில் வாங்கிய கைப்பேசிகள் இரண்டுக்கும், சுவரில் மாட்டியிருந்த டிவிக்கும் ஒரு குறையும் இல்லை. யாரோ ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டதும் பெயர் வந்துவிட்டது. சில நாட்களில் மறுபடி மறைந்தது. மறுபடி அணைத்துப் போட்டார்கள்; இம்முறை வரவில்லை. லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோய், அங்கே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, அதற்குரிய கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, கடையில் இருந்த வைஃபையில் அது அழகாக வேலை செய்வதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான். "கடையிலே நல்ல பிள்ளையா இருக்கு தம்பி, வீட்டுக்கு வந்தா மட்டும் கண்ணு தெரியலேங்குது" என்று அவர் என்னிடம் சொன்னபோது, அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயின் பாதி லக்ஷணம் வந்துவிட்டது.

மீதிப் பாதி, மின்தடையை ஒட்டி நேர்வது என்ற விவரத்தில் இருந்தது. ரௌட்டர் அணைந்து எழும்போது அதற்குள் மாறக்கூடிய விஷயங்கள் மிகச் சில. பெயர் மாறாது, பாஸ்வேர்டு மாறாது, ஆனால் சேனல் என்பதை 'Auto' என்று விட்டிருந்தால் அது மட்டும் மாறக்கூடும். எழுந்தவுடன் ரௌட்டர் சுற்றுப்புறத்தைச் சிறிது நேரம் கவனித்து, அண்டை வீட்டுக்காரர்கள் எந்தெந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது. இது மிகவும் நியாயமான ஏற்பாடு போலத்தான் தோன்றும். அதில் உள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டையில் ஒன்றாம் சேனலின் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டு போனால் ஆறாவது சேனல் 2437 என்றும், பதினோராவது 2462 என்றும், பன்னிரண்டாவது 2467 என்றும், பதின்மூன்றாவது 2472 என்றும் வரும். மையங்கள் ஐந்து மெகாஹெர்ட்ஸ் தூரத்தில் இருந்தாலும் ஒவ்வொரு வைஃபைக்கும் வேண்டிய அகலம் குறைந்தது இருபது ஆகையால், ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை என்பது வழக்கமாகிவிட்டது. ஊரிலுள்ள ரௌட்டர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஆகவே புதிதாக எழுந்து காலியிடம் தேடும் ஒரு ரௌட்டருக்குப் பட்டையின் மேற்கோடியில் இருக்கும் பன்னிரண்டும் பதின்மூன்றும் ஆளரவமற்ற இடங்களாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. இந்தியாவில் அந்த இரண்டையும் உபயோகிக்கலாம். 2400 முதல் 2483.5 வரையுள்ள பட்டையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் அனுமதி அளித்தது, பதின்மூன்றாம் சேனலின் மேல்விளிம்பு 2482, எல்லைக்கு உட்பட்டதுதான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கேயும் பட்டை 2483.5-இல்தான் முடிகிறது, பன்னிரண்டும் பதின்மூன்றும் முற்றிலும் தடை செய்யப்பட்டவை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் செயற்கைக்கோள் தொலைபேசிக்கு ஒதுக்கிய பட்டை ஆரம்பமாகிறது. அங்கே ஒரு சிறு கசிவும் கூடாது என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி மிகக் கண்டிப்பாக இருக்கிறது. எல்லையை ஒட்டிய இரண்டு சேனல்களில் அந்தக் கண்டிப்புக்கு இணங்க வேண்டுமானால் ஒலிபரப்பும் சக்தியை வெகுவாகக் குறைக்க வேண்டும். அதற்காகச் சிரமப்படுவானேன் என்று, அங்கே விற்கும் சாதனங்களைத் தயாரிப்போர் பெரும்பாலும் பன்னிரண்டையும் பதின்மூன்றையும் அடைத்தே அனுப்பிவிடுகிறார்கள். அடைப்பது என்றால் அங்கே பேசாமல் இருப்பது மட்டுமல்ல; பல சாதனங்கள் அந்தச் சேனல்களுக்குத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பட்டியலைத் தயாரிக்கும்போது ஒன்றிலிருந்து பதினொன்று வரை சுற்றிவந்துவிட்டு, அத்துடன் தம் வேலை முடிந்தது என்று நின்றுவிடுகின்றன.

எனவே, ஸ்ரீரங்கத்து வீட்டில் கூடத்துக்குள் நுழையும்போதே எனக்கு ஓர் அனுமானம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அனுமானத்தை வைத்துக்கொண்டு ரௌட்டரில் கை வைப்பது எனக்குச் சம்மதமில்லாத காரியம்; ஏனென்றால் ரௌட்டரைத் தொட்ட மாத்திரத்தில் அது மறுபடி எழுந்து வேறு சேனலில் உட்கார்ந்துகொள்ளும், பெயர் தெரிந்துவிடும், காரணம் மட்டும் கடைசிவரை தெரியாமல் போகும். அந்த வீட்டில் அணைத்துப் போடும் வைத்தியம் ஒரு தடவை பலித்ததும் மறு தடவை பலிக்காததும் இப்படித்தான்.

முதலில் என் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பின் பட்டியலில் அது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது, இணைந்தது, செய்தித்தாளும் திறந்தது. ஆகவே லேப்டாப்பின் வைஃபை அட்டைக்கு உயிர் இருக்கிறது. அடுத்து, லேப்டாப்பிலேயே கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அது எதையெல்லாம் பார்க்கிறது என்று அதனிடமே கேட்டேன். விண்டோஸில் அதற்கான கட்டளை இது:

```
netsh wlan show networks mode=bssid
```

சாதாரணப் பட்டியலில் பெயர் மட்டும் வரும்; இதில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'Channel' என்ற வரி ஒன்று வரும். அண்டை வீட்டு வைஃபைகள் ஒன்று, ஆறு, பதினொன்று என்று வரிசையாக நின்றன. பன்னிரண்டு என்றோ பதின்மூன்று என்றோ ஓர் எண்கூட இல்லை. பிறகு கைப்பேசியில், சுற்றுப்புற வைஃபைகளைச் சேனலோடு காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, அதே இடத்தில் நின்று பார்த்தேன். அதில் அந்த வீட்டு வைஃபை 2472 மெகாஹெர்ட்ஸில் இருந்தது, அதாவது பதின்மூன்றில். அதைவிட முக்கியமாக, எதிர் வீட்டாருடைய வைஃபை ஒன்று பன்னிரண்டில் இருந்தது. லேப்டாப்பின் பட்டியலில் அதுவும் இல்லை. இந்த இரண்டாவது சாட்சியத்தைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். வீட்டு வைஃபை மட்டும் தெரியாமல் இருந்தால் அதற்குப் பல காரணங்கள் கற்பிக்கலாம். சம்பந்தமே இல்லாத வேறொருவருடைய வைஃபையும், அதே மேற்கோடியில் இருக்கிற காரணத்தால் மட்டும், அந்தச் சாதனத்துக்குப் புலப்படவில்லை என்றால் வழக்கு அநேகமாகத் தீர்ந்தது போலத்தான்.

இங்கே ஒரு இடைச் செய்தி. எனக்கு முன்பே இணைப்பு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து இதே மாதிரிச் செயலியில் பார்த்துவிட்டு, "சேனல் பதினொண்ணுதான் சார் இருக்கு, அமெரிக்கா லேப்டாப்புக்கும் அது ஒத்துக்கும், உங்க மிஷின்லதான் பிரச்னை" என்று சொல்லிப் போயிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது படத்தை. இந்தச் செயலிகள் ஒவ்வொரு வைஃபையையும் ஒரு குன்று போல் வரைந்து காட்டும். அந்த ரௌட்டரில், வேகம் கூடும் என்ற ஆசையில் யாரோ சேனல் அகலத்தை இருபதிலிருந்து நாற்பதாக மாற்றி வைத்திருந்தார்கள். நாற்பது என்றால் இரண்டு இருபதுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொள்வது. அந்த வீட்டில் பதின்மூன்றும், அதற்குக் கீழே ஒன்பதும். இரண்டையும் மூடி வரைந்த குன்றின் உச்சி நடுவில், 2462-இல், அதாவது பதினோராவது சேனலின் மேல் வந்து நிற்கிறது. உச்சியைப் பார்ப்பவர் பதினொன்று என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

ஆனால் ஒரு சாதனத்துக்கு வைஃபை தெரிவதும் தெரியாததும் அந்த உச்சியைப் பொறுத்ததன்று. ரௌட்டர் தன் இருப்பை அறிவிக்க ஒரு சிறு செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது, சாதாரணமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை, ஆக விநாடிக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. பீக்கன் என்று தொழிலில் சொல்லும் இந்த அறிவிப்பு, சேனல் அகலம் நாற்பதாயினும் எண்பதாயினும், எப்போதும் முதன்மைச் சேனல் என்று குறிக்கப்பட்ட ஓர் இருபது மெகாஹெர்ட்ஸுக்குள்ளேதான் ஒலிக்கும். முதன்மை ஒன்பதாகவும் துணை பதின்மூன்றாகவும் இருந்திருந்தால், குன்று அதே இடத்தில் அதே உருவத்தில் நிற்கும். ஆனால் அறிவிப்பு ஒன்பதில் ஒலிப்பதால் அமெரிக்க லேப்டாப்பின் பட்டியலில் பெயர் வந்துவிடும். முதன்மை பதின்மூன்றாகவும் துணை ஒன்பதாகவும் இருந்த காரணத்தால் பெயர் வரவில்லை. ஆகவே படத்தை ஒதுக்கிவிட்டு, செயலியில் எழுத்தாக வரும் விவரத்தை, குறிப்பாக முதன்மைச் சேனலின் எண்ணையோ அதன் மெகாஹெர்ட்ஸையோ படிக்க வேண்டும் என்று என்னிடம் தொழில் பழகும் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது வழக்கம்.

நாற்பது மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2.4 பட்டையில், மொத்தமே எண்பது சொச்சம் மெகாஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில், ஒரு வீடு நாற்பதை எடுத்துக்கொள்வது தெருவுக்கு அநியாயம். அந்த வீட்டுக்கும் லாபமில்லை. அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் அந்த அகலத்துக்குள் வந்து மோதும். அகலத்தினால் பெயர் மறைவது இந்தப் பட்டையில் அபூர்வம். ஏனென்றால் அறிவிப்பு இருபதுக்குள்தானே வருகிறது, இருபது மட்டுமே அறிந்த பழைய சாதனமும் அதைக் கேட்டுக்கொண்டு இருபதிலேயே சேர்ந்துகொள்ளும். இருப்பினும், இருபது மட்டுமே அறிந்த மலிவான மின்விளக்குகளும் பிளக்குகளும் உள்ள வீடுகளில் நான் இருபதைத் தவிர வேறு எதையும் வைப்பதில்லை.

இனி நிவர்த்தி. பெரியவரிடம் பாஸ்வேர்டை வாங்கி ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தேன். 'Wireless' என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் நமக்கு வேண்டியவை: 'Channel', 'Channel Width', 'Region'. சில ரௌட்டர்களில் இரண்டாவது 'Bandwidth' என்றும், மூன்றாவது 'Country' என்றும் இருக்கும். நாட்டின் பெயர் இந்தியா என்று சரியாகவே இருந்தது, அதைத் தொடவில்லை. சேனல் 'Auto' என்றிருந்தது. கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்தபடி ஆறாவதில் இருந்த அண்டை வீட்டார் இருவருமே தூரத்தில் பலவீனமாக இருந்தமையால் அதை ஆறு என்று நிலையாக வைத்தேன். அகலத்தை இருபதாக்கினேன். சேமித்த சற்று நேரத்துக்கெல்லாம் லேப்டாப்பில் பெயர் வந்தது. புத்தகக் கருவியிலும் வந்தது. பெரியவருக்கு அத்துடன் திருப்திதான். எனக்கு இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது: வேண்டுமென்றே சேனலைப் பதின்மூன்றாக்கினேன். லேப்டாப்பின் பட்டியல் பழையதை நினைவில் வைத்திருக்கும் வழக்கமுள்ளது. ஆகையால் அதன் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டு, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். பெயர் போய்விட்டது. ஆறுக்குத் திருப்பினேன், வந்துவிட்டது. குணமானது மட்டுமல்ல, நோயை வரவழைக்கவும் முடிந்த பிறகே காரணம் ஊர்ஜிதமாயிற்று என்று நான் ஒப்புக்கொள்வது.

இந்த இடத்தில் பலர் குறுக்கு வழி ஒன்றைக் கையாளுகிறார்கள். ரௌட்டரின் நாட்டை அமெரிக்கா என்று மாற்றிவிட்டால், அது பன்னிரண்டையும் பதின்மூன்றையும் தானே விலக்கிவிடும், 'Auto' என்று இருந்தாலும் பதினொன்றைத் தாண்டாது, எல்லாச் சாதனங்களுக்கும் பெயர் தெரியும். பலன் உண்மைதான்; ஆனால் நான் அதைச் செய்வதில்லை. நாட்டின் பெயர் சேனல்களை மட்டுமன்றி, எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதையும் நிர்ணயிக்கிறது. அது சட்டத்துக்கு உட்பட்ட விஷயம். தன் ரௌட்டர்களில் வேறு நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து அமெரிக்க வரம்புக்கு மேல் சக்தியைக் கூட்டிக்கொள்ள இடம் கொடுத்ததற்காக ஒரு பெரிய நிறுவனம் 2016-இல் எஃப்சிசிக்கு இரண்டு லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அமெரிக்காவில் விற்கும் ரௌட்டர்களில் நாட்டை மாற்றும் வரி இன்று காணப்படாமலோ, கை வைக்க முடியாதபடி மங்கியோ இருப்பதன் பின்னணியை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் வேறொரு விபரீதம் இருக்கிறது. ரௌட்டர் அனுப்பும் அறிவிப்பில் அதன் பெயரோடு அது எந்த நாட்டின் விதிப்படி நடக்கிறது என்பதும் சேர்ந்து போகிறது. தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தாமாக அறிய வழியில்லாத பல லேப்டாப்கள், சுற்றிலும் ஒலிக்கும் இந்த அறிவிப்புகளைக் கேட்டு, அதன்படித் தம் சேனல்களைத் திறந்தும் மூடியும் கொள்கின்றன. ஒரு வீட்டில் இந்தியா என்று ஒலிக்க, பக்கத்து வீட்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரௌட்டர் வேறு நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால், நடுவில் அகப்பட்ட லேப்டாப் எதை நம்புவது? ஆப்பிள் லேப்டாப்களில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபைச் சின்னத்தைத் தொட்டால் சேனலும் நாட்டுக் குறியீடும் வெளிப்படும். அவற்றில் உள்ள சோதனைக் கருவி, அக்கம்பக்கத்தில் வேறு நாட்டுக் குறியீடு ஒலித்தால் 'Conflicting Country Codes' என்று எச்சரிப்பதும் உண்டு. நம் ரௌட்டரைப் பொய் சொல்ல வைத்தால், தெருவில் வேறு யாரோ ஒருவருடைய கருவிக்குக் கண் கட்டியவர்கள் ஆகிறோம்.

கைக்கு லினக்ஸ் லேப்டாப் அகப்பட்டால் இந்த விசாரணை மிகச் சுலபம். அது ஒளிவு மறைவு இன்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

```
iw reg get
iw list
```

முதல் கட்டளைக்கு அது தான் எந்த நாட்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறது என்று பதில் வரும். 'IN' என்றால் இந்தியா. '00' என்றால் நாடு தெரியாத நிலை, எங்கும் ஆபத்தில்லாத பொது விதி. இரண்டாவது கட்டளையின் நீண்ட விடையில் ஒவ்வொரு சேனலும் மெகாஹெர்ட்ஸோடு வரும்; அருகில் 'disabled' என்றிருந்தால் அந்தச் சேனல் அடைபட்டது, 'no IR' என்றிருந்தால் தானாக முதலில் வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு திறந்திருக்கிறது. நாடு தெரியாத லினக்ஸில் பன்னிரண்டும் பதின்மூன்றும் இந்த இரண்டாம் நிலையில்தான் இருக்கும்.

வாய் திறக்கக்கூடாது என்ற இந்த நிபந்தனையால் விளையும் ஒரு விசித்திரத்தை ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் கண்டேன். ஒரு சாதனம் சுற்றுப்புறத்தை அறிய இரண்டு வழி உண்டு: திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று, வாசலில் நின்று 'இன்னார் இருக்கிறாரா' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது மற்றொன்று. நிபந்தனைக்குட்பட்ட சேனலில் கேட்பது மட்டும் அனுமதி, கூப்பிட அனுமதியில்லை. சாதாரண வைஃபைக்கு இதனால் பாதகமில்லை; அதன் அறிவிப்பு தானாகக் காதில் விழும், பெயர் பட்டியலில் வரும். மருந்துக்கடைக்காரரோ, பாதுகாப்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வைஃபையின் பெயரை மறைத்து வைத்திருந்தார். பெயர் மறைத்த ரௌட்டரின் அறிவிப்பில் பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சாதனத்துக்கு மட்டுமே அது பதில் கொடுக்கும். சேனலோ பன்னிரண்டு. கூப்பிட அனுமதியில்லாத கருவியும், கூப்பிட்டாலன்றிப் பெயர் சொல்லாத ரௌட்டரும் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கும்? அவருடைய பெண்ணின் லேப்டாப், பெயரைக் கையால் தட்டிச் சேர்த்தபோதும் இணையாமல் இருந்ததன் காரணம் அதுவே. பெயரை மறைப்பதால் கிடைப்பதாகச் சொல்லும் பாதுகாப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். நல்ல நீளமான பாஸ்வேர்டு அந்த வேலையைச் செய்யும். அவரும் மறுபேச்சின்றிப் பெயரை வெளியிட்டார். சேனலையும் ஒன்றுக்கு மாற்றிவிட்டு வந்தேன்.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இதே நோய் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே சேனல் அகலம் நேரடியாகவே குற்றவாளி ஆகக்கூடும். அந்தப் பட்டையில் 36, 40, 44, 48 என்ற நான்கும் ஒரு கூட்டம். 52 முதல் 64 வரை அடுத்த கூட்டம். பிறகு 100 முதல் 144 வரை. கடைசியில் 149 முதல் 165 வரை. நடுவில் உள்ள இரண்டு கூட்டங்களும் ரேடார்கள் உபயோகிக்கும் இடங்கள். அங்கே ஒலிபரப்ப விரும்பும் ரௌட்டர், அமெரிக்க, ஐரோப்பிய விதிகளின்படி, முதலில் குறைந்தது அறுபது விநாடி வாய் மூடி ரேடார் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பின்னர் எப்போதாவது ரேடார் அலை காதில் விழுந்தால் உடனே இடத்தைக் காலி செய்துவிட்டு அரை மணி நேரம் அங்கே திரும்பக்கூடாது. அதே மென்பொருளோடு இங்கே விற்கும் ரௌட்டர்கள் பலவும் அப்படியே நடந்துகொள்கின்றன. இந்த நிபந்தனைகளைக் கையாளும் சிரமத்தைத் தவிர்க்க, டிவியோடு செருகும் மலிவான கருவிகள் பல இந்தச் சேனல்களையே விலக்கிவிடுகின்றன.

அகலம் இதில் எங்கே வருகிறது என்றால், 36-இல் தொடங்கி எண்பது மெகாஹெர்ட்ஸ் வைத்தால் 36 முதல் 48 வரை நான்கோடு நிற்கும். ரேடார் எல்லைக்குள் போகாது. நூற்றறுபது வைத்தால் 36-இலிருந்து 64 வரை நீண்டு, பாதி உடம்பு ரேடார் எல்லைக்குள் விழுகிறது. முதன்மைச் சேனல் 36-ஆகவே இருந்தாலும், ரௌட்டர்கள் பல முழு அகலத்தையும் அறுபது விநாடி கவனித்த பிறகே பேச ஆரம்பிக்கின்றன. ஆகையால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் 2.4-இன் பெயர் உடனே வந்துவிடும், 5-இன் பெயர் ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்து வரும். அதற்குள் டிவி தேடிப் பார்த்து, இல்லையென்று முடிவு செய்து, மெதுவான 2.4-க்குப் போய் உட்கார்ந்துவிடும். தில்லை நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மாதக்கணக்காக இருந்த இந்தத் தொல்லை, அகலத்தை எண்பதாக்கிச் சேனலை 36-இல் நிறுத்தியதும் நின்றது. நூற்றறுபதின் முழு வேகத்தை அனுபவிக்கக்கூடிய சாதனம் அந்த வீட்டில் ஒன்றுகூட இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

149-க்கு மேற்பட்ட சேனல்களிலும் ஒரு நாட்டுப் பேதம் உண்டு. இந்தியாவில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கையால் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி திறந்துவிடப்பட்டது. 149 முதலானவற்றையும் தாராளமாக உபயோகிக்கலாம். ஆனால் ஜப்பானில் வைஃபைக்கு அந்த இடம் கிடையாது. ஐரோப்பாவில் மிகக் குறைந்த சக்திக்கே இடமிருப்பதால் அங்கே விற்கும் சாதனங்கள் பல அதைத் தொடுவதில்லை. ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ திரும்பியவர் கொண்டுவந்த கருவிக்கு வீட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவில்லை என்றால், ரௌட்டர் 149-லோ 157-லோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். 36 முதல் 48 வரையுள்ள நான்கும் ஏறக்குறைய எல்லா நாட்டுச் சாதனங்களுக்கும் பொதுவானவை. பல தேசத்துக் கருவிகள் கூடும் வீட்டில் அங்கேயே நிறுத்திவிடுவது உசிதம்.

மறு பக்கத்தையும், அதாவது சாதனத்தையே திருத்த முடியாதா என்பதையும், பலர் கேட்கிறார்கள். பழைய விண்டோஸ் லேப்டாப்கள் சிலவற்றில், வைஃபை அட்டையின் 'Advanced' பக்கத்தில் 'Country Region' என்ற வரி ஒன்று இருக்கும். அதில் 1-11 என்றிருப்பதை 1-13 என்று மாற்ற இயலும். இப்போது வரும் அட்டைகளில் அந்த வரி பெரும்பாலும் கிடையாது. நாட்டு விதி அட்டைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், விண்டோஸை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் மாறாது. ஸ்ரீரங்கத்துப் பெரியவர் கடைக்குக் கொடுத்த பணம் வீணானது இதனால்தான். புத்தகக் கருவியிலோ தேடிப் பார்க்க ஒரு வரிகூட இல்லை. ஆகவே மாற்றக்கூடிய இடம் ரௌட்டர் ஒன்றே.

அந்த ரௌட்டரும் பல வீடுகளில் இணைப்பு நிறுவனத்தின் சொத்து. தொலைவிலிருந்தபடியே அவர்கள் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நாம் நிலையாக வைத்த சேனல் மறுபடி 'Auto'வுக்குப் போய்விடுவதுண்டு. சில பெட்டிகளில் அமைப்புப் பக்கத்துக்குள் வாடிக்கையாளரை விடுவதே இல்லை. அத்தகைய வீடுகளில் நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் பேசி, "நெட் வரலே" என்று மட்டும் சொன்னால், அணைத்துப் போடச் சொல்லுவார்கள். பெரியவருக்கு நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இது: 'வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸின் சேனல் இப்போது 12 அல்லது 13-இல் இருக்கிறது. அதை 6-இல் நிலையாக வைத்து, அகலத்தை 20 ஆக்கவும். நாட்டை மாற்ற வேண்டாம்.' பின்னொரு சமயம் அப்படியே நேர்ந்தபோது, அவர் கைப்பேசிச் செயலியில் எண்ணைத் தாமே பார்த்துவிட்டு, அந்தத் தாளை வாசித்திருக்கிறார். மறுமுனையில் இருந்த பெண், "சார், நீங்க இந்த லைன்ல வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டாளாம்; நாற்பது நிமிஷத்தில் சேனல் மாறிற்று.